கணக்கில் 762 வெள்ளி இருந்தும் இரண்டு வெள்ளி போனது எப்படி?

ஜூலை மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே இரண்டு வெள்ளி கழிந்திருக்கிறது. பக்கத்தில் SERVICE CHARGE என்று இரண்டே சொற்கள். அதற்கு மேலே, ஜூன் மாதத்திலிருந்து வந்த இருப்பு 762 வெள்ளி. வங்கி கேட்கும் குறைந்தபட்ச இருப்போ 500 வெள்ளிதான். பிறகு எதற்கு இந்த அபராதம்?

வங்கி தப்புப் போட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். நம் கண்ணில் படும் எண் ஒன்று, வங்கி பார்க்கும் எண் வேறொன்று. அந்த இரண்டாவது எண் பல ஸ்டேட்மென்ட்டுகளில் அச்சாவதே இல்லை.

சிங்கப்பூரில் இதை எல்லாரும் ஃபால் பிலோ ஃபீ என்றுதான் சொல்வார்கள். கணக்கின் சராசரி நாள் இருப்பு ஒரு மாதத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பிடிக்கும் கட்டணம் அது. பிஓஎஸ்பி சேமிப்புக் கணக்கில் அளவு 500 வெள்ளி, கட்டணம் 2 வெள்ளி. யூஓபி ஒன் கணக்கில் 1,000 வெள்ளிக்கு 5 வெள்ளி. ஓசிபிசி 360 கணக்கில் 3,000 வெள்ளிக்கு 2 வெள்ளி. டிபிஎஸ் மல்டிப்ளையரில் அதே 3,000 வெள்ளிக்கு 5 வெள்ளி. வங்கிகள் இவற்றை அவ்வப்போது மாற்றும். அதனால் உங்கள் கணக்குக்கு இன்று என்ன அளவு என்பதை வங்கியின் கட்டணப் பட்டியலில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் முக்கியமானது 'சராசரி நாள்' என்ற பகுதிதான். ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது எவ்வளவு இருக்கிறது என்று வங்கி குறித்துக்கொள்கிறது. மாதத்தின் எல்லா நாள் இருப்பையும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. அவ்வளவுதான். ஒருநாள் பத்து வெள்ளிக்கு இறங்கினாலும் பரவாயில்லை, மற்ற நாட்கள் அதை ஈடுகட்டினால் போதும். அதேபோல மாதக் கடைசியில் ஆயிரம் வெள்ளி இருந்தாலும், அதற்கு முந்தைய மூன்று வாரம் காலியாகக் கிடந்திருந்தால் தப்ப முடியாது.

மேலே சொன்ன 762 வெள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் போட்ட மாதிரிதான் இது, ஆனால் ஈசூனிலோ பொங்கோலிலோ ஒரு வீட்டில் நடக்கக்கூடிய சாதாரண மாதம். ஜூன் தொடக்கத்தில் 640 வெள்ளி. ஐந்தாம் தேதி டவுன் கவுன்சில் பராமரிப்புக் கட்டணம் ஜைரோவில் 78 வெள்ளி போகிறது. எட்டாம் தேதி ஊருக்கு அனுப்ப 400 வெள்ளி எடுக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி மகன் பேநவ் வழியாக 600 வெள்ளி போடுகிறான். ஸ்டேட்மென்ட்டில் அது இப்படி இருக்கும்:

```
01 JUN  BALANCE B/F                 640.00
05 JUN  GIRO             78.00      562.00
08 JUN  TRANSFER        400.00      162.00
26 JUN  PAYNOW IN       600.00      762.00
01 JUL  SERVICE CHARGE    2.00      760.00
```

ஒன்று முதல் மூன்று காசு வரை வரும் வட்டி வரியை இதில் விட்டுவிட்டேன். வரிகளைப் படித்தால் 162 என்ற இருப்பு ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதனால் கணக்கு கொஞ்ச நேரம் மட்டும் தாழ்ந்தது போலத் தெரியும். உண்மையில் அந்த 162 எட்டாம் தேதியிலிருந்து இருபத்தைந்தாம் தேதி வரை, 18 நாள் அப்படியே கிடந்திருக்கிறது. பணம் நகர்ந்த நாளுக்குத்தான் ஸ்டேட்மென்ட்டில் வரி உண்டு, சும்மா கிடந்த நாளுக்கு வரி கிடையாது. சராசரியைத் தீர்மானிப்பதோ சும்மா கிடந்த அந்த நாட்கள்தான்.

சரி, கூட்டிப் பார்ப்போம். முதல் 4 நாள் 640 வீதம் இருந்தது, அது 2,560. ஐந்து முதல் ஏழு வரை 3 நாள் 562 வீதம், 1,686. எட்டு முதல் இருபத்தைந்து வரை 18 நாள் 162 வீதம், 2,916. கடைசி 5 நாள் 762 வீதம், 3,810. மொத்தம் 10,972. இதை 30 நாளால் வகுத்தால் 365 வெள்ளி 73 காசு. 500 வெள்ளிக்கு வெகு கீழே. ஜூலை முதல் தேதி இரண்டு வெள்ளி போனதற்குக் காரணம் இதுதான்.

அந்த 10,972 வெறும் வெள்ளி அல்ல. ஒரு வெள்ளி ஒருநாள் கணக்கில் தங்கினால் ஒன்று என்ற கணக்கு அது. வசதிக்காக இதை வெள்ளி நாள் என்றே வைத்துக்கொள்வோம். 500 வெள்ளி சராசரி கேட்கும் கணக்குக்கு 30 நாள் மாதத்தில் 15,000 வெள்ளி நாள் வேண்டும், 31 நாள் மாதத்தில் 15,500, பிப்ரவரியில் 14,000. நம் மாதிரியில் 4,028 குறைகிறது.

இப்படிப் பார்த்தால் மாதக் கடைசியில் ஓடிப்போய்ப் பணம் போடுவது ஏன் உதவாது என்பதும் புரிந்துவிடும். மகன் அனுப்பிய 600 வெள்ளி ஏழு நாள் முன்னால், பத்தொன்பதாம் தேதியே வந்திருந்தால், நாளுக்கு 600 வீதம் 4,200 வெள்ளி நாள் கூடியிருக்கும். சராசரி 505 வெள்ளி 73 காசாகி, கட்டணம் தப்பியிருக்கும். அதே இருபத்தாறாம் தேதி சரிசெய்ய நினைத்தால் மேலும் 805 வெள்ளி 60 காசு போட்டு, மாதம் முடியும்வரை தொடாமல் வைக்க வேண்டும். முப்பதாம் தேதி மாலைதான் ஞாபகம் வருகிறது என்றால், அந்த ஒரே இரவுக்கு 4,028 வெள்ளி தேவை. வேறொரு கணக்கில் அவ்வளவு பணம் சும்மா இருப்பவர் ஃபாஸ்ட் வழியாக உள்ளே தள்ளி, மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விதிப்படி அதில் தவறு இல்லை. ஆனால் இரண்டு வெள்ளிக்காக அந்தப் பாடுபட வேண்டுமா என்பது அவரவர் மனசு.

அப்படிக் கடைசி நேரத்தில் போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் நொடியில் வந்துவிடும், ஆனால் அதற்கு எந்தத் தேதி விழுகிறது என்பது வேறு விஷயம். அன்றைய கணக்கை வங்கி முடித்த பிறகோ, வார இறுதியிலோ செய்யும் சில பரிமாற்றங்களுக்கு அடுத்த வேலைநாளின் தேதி போடப்படுவதுண்டு. சில ஸ்டேட்மென்ட்டுகளில் Transaction Date, Value Date என்று இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. வேறுபட்டால், உங்கள் கணிப்புக்கும் வங்கியின் கணிப்புக்கும் ஒரு நாள் வித்தியாசம் வருகிறது. சராசரி விளிம்பில் நிற்கும் மாதத்தில் அந்த ஒரு நாளே போதும்.

ஸ்டேட்மென்ட்டில் இந்தக் கட்டணத்தைத் தேடும்போது அது எந்த மாதத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மாதம் முழுக்க முடிந்தால்தான் சராசரியைக் கணக்கிட முடியும். அதனால் மாதத்தின் கடைசி நாளிலோ அடுத்த மாதத் தொடக்கத்திலோதான் பிடிப்பார்கள். அடுத்த மாதத்தில் விழுந்தால், ஜூன் குறைவுக்கான தண்டனை ஜூலை ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். ஜூலையின் இருப்புகளை வைத்துக்கொண்டு எத்தனை தடவை கூட்டினாலும் விடை வராது, ஜூன் தாளைத்தான் எடுக்க வேண்டும். ஜூலை இருப்பு நன்றாக இருந்தும் ஏன் பிடித்தீர்கள் என்று வங்கியோடு சண்டைக்குப் போனால், எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாக முந்தைய மாதத்தைப் பாருங்கள் என்பார்.

அந்த வரிக்கு என்ன பெயர் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். SERVICE CHARGE, FALL BELOW FEE என்ற மாதிரி சொற்கள்தான் வரும். எந்த மாதத்துக்கு, சராசரி எவ்வளவு, எவ்வளவு குறைந்தது என்ற விவரம் அந்த வரியில் இருக்காது. SERVICE CHARGE என்ற பொதுப்பெயரில் வேறு கட்டணங்களும் வரலாம் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் தொகையையும் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதத் திருப்பத்தில், முழு இரண்டு வெள்ளியாகவோ முழு ஐந்து வெள்ளியாகவோ இருந்தால் அநேகமாக இதுதான். சில வங்கிகள் சில கணக்குகளுக்கு ஸ்டேட்மென்ட்டின் அடியில் Average Balance என்று ஒரு எண் தருவதுண்டு. அது இருந்தால் மேலே போட்ட கூட்டல் வேலையே மிச்சம். பாஸ்புத்தகத்தில் அதற்கும் வழியில்லை, எந்திரத்தில் செருகி வரி அச்சாகும்போதுதான் பணம் போனதே தெரியும்.

கைப்பேசிக்கு எச்சரிக்கை வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் எந்தத் தொகைக்கு மேல் சொல்ல வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் வரம்பைப் பொறுத்து. நூறு வெள்ளிக்கு மேல் போனால் சொல் என்று வைத்திருப்பவருக்கு இரண்டு வெள்ளி போனது எப்படித் தெரியும்?

இந்தக் கட்டணம் வறுமையால் மட்டும் வருவதில்லை. மறதியாலும் வருகிறது. சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, பழையதில் ஒரு நாற்பது ஐம்பது வெள்ளியை விட்டுவிடுகிறோம். டிரஸ்ட், ஜிஎக்ஸ்எஸ், மாரிபேங்க் போன்ற டிஜிட்டல் வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு கேட்பதில்லை. அங்கே பழகிய பிறகு பழைய கணக்கு கேட்கும் என்பதே மறந்துபோகிறது. அந்த நாற்பது வெள்ளி மாதம் இரண்டு இரண்டாகக் கரைந்து, இருபது மாதத்தில் காலி.

கரைவதன் கடைசிக் கட்டம் ஸ்டேட்மென்ட்டில் ஒரு விசித்திரமான வரியாகத் தெரியும். 9 வெள்ளி 40 காசு மீதியுள்ள கணக்கில் நான்கு மாதம் 2.00 என்று வரும். ஐந்தாவது மாதம் அதே பெயரில் 1.40 என்று ஒரு அரைகுறைத் தொகை. கட்டணத்துக்குப் போதுமான பணம் இல்லாவிட்டால் இருப்பதை எடுத்துக்கொண்டு கணக்கைப் பூஜ்யத்தில் நிறுத்துவது பொதுவான வழக்கம். பூஜ்யத்திலேயே நீண்ட நாள் கிடந்தால் வங்கி அந்தக் கணக்கை மூடவும் செய்யலாம். பணம் போனதைவிட, அந்தக் கணக்கில் ஏதாவது ஜைரோ ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தலைவலி. 60 வெள்ளி கட்டணத்துக்கு 59 வெள்ளி இருக்கிறது என்றால் ஜைரோ மொத்தமாகத் திரும்பிவிடும். பில் அனுப்பியவர் தாமதக் கட்டணம் கேட்பார்.

இன்னொரு வகை, சலுகைக் காலம் முடிவது. ஓசிபிசி 360 கணக்கில் முதல் ஓராண்டுக்கு இந்தக் கட்டணம் இல்லை. வேறு சில கணக்குகளில் குறிப்பிட்ட வயது வரை விலக்கு உண்டு. அந்தக் காலத்தில் கணக்கு 200 வெள்ளியில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது, பழகிவிடும். பதின்மூன்றாவது மாதமோ, பிறந்தநாள் தாண்டிய பிறகோ கட்டணம் தலைகாட்டும். நம் பக்கத்தில் எதுவும் மாறியிருக்காது என்பதால் காரணம் பிடிபடாது. திடீரென்று தொடங்கி மாதாமாதம் தவறாமல் வரும் SERVICE CHARGE என்றால், கணக்கு தொடங்கிய தேதியை முதலில் பாருங்கள்.

ஊரில் என்ஆர்ஓ கணக்கும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதி வேறு. 2015 ஏப்ரலிலிருந்து, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அபராதம் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும், அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். சிங்கப்பூரில் நாம் பார்க்கும் கணக்குகளில் தொகை ஒரே மாதிரி: 499 வெள்ளி சராசரிக்கும் இரண்டு வெள்ளி, ஒரு வெள்ளி சராசரிக்கும் அதே இரண்டு வெள்ளி. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஒரு வெள்ளி குறைந்தவரையும் காலியானவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். ஆனால் கணக்குப் போட எளிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம், கட்டணத்தைத் தவிர்க்கப் பணத்தை முடக்குவது எப்போதும் லாபமா? இங்கேதான் வெவ்வேறு கணக்குகள் வெவ்வேறு விடை சொல்கின்றன. மாதம் 2 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 24. அதைத் தவிர்க்க 500 வெள்ளியை வைக்க வேண்டும் என்றால், அந்த 500 வெள்ளி வேறெங்காவது 4.8 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்தால்தான் வெளியே எடுப்பது லாபம். பத்திரமான இடத்தில் அவ்வளவு வட்டி எளிதில் கிடைக்காது, அதனால் உள்ளே விட்டுவைப்பதே சரி. 1,000 வெள்ளிக்கு 5 வெள்ளி என்றால் எல்லை 6 சதவீதம், அதற்கும் அதே விடைதான். ஆனால் 3,000 வெள்ளிக்கு 2 வெள்ளி என்றால் எல்லை வெறும் 0.8 சதவீதம். அந்தக் கணக்கின் கூடுதல் வட்டி எதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை, 0.05 சதவீத அடிப்படை வட்டிதான் என்றால், 3,000 வெள்ளியை நல்ல வட்டி தரும் இடத்துக்கு மாற்றிவிட்டு மாதம் இரண்டு வெள்ளியைக் கொடுத்துத் தொலைப்பதே சில நேரம் மலிவு. 3,000 வெள்ளிக்கு 5 வெள்ளி என்றால் எல்லை 2 சதவீதம், இதில் அன்றைய வட்டி நிலவரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அபராதம் என்றதும் கட்டவே கூடாது என்று மனம் முரண்டுபிடிக்கும், ஆனால் கணக்கு வேறு சொல்லலாம்.

இதையெல்லாம்விட நேரான வழி, தேவையில்லாத கணக்கை மூடுவது. அதற்கு முன்பு, முதல் தடவை பிடித்த கட்டணத்தை வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். நல்லெண்ணத்துக்காகத் திருப்பித் தருவதும் உண்டு, கட்டாயமில்லை. தந்தால் பழைய வரி அழியாது, பிறகொரு தேதியில் இரண்டு வெள்ளி வரவாகத் தனி வரி விழும். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் இன்னும் வரவில்லை என்று மறுபடி போன் செய்வார்கள். கட்டணமே அநியாயம் என்று நிதித் தகராறு தீர்வு மையமான ஃபிட்ரெக்குக்குப் போவதில் பலனில்லை, வங்கி எவ்வளவு கட்டணம் வைக்கலாம் என்பது அதன் வேலைக்குள் வராது.

மூடும்போது இரண்டைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஜைரோ இருந்தால் முதலில் மாற்ற வேண்டும், மாற்றம் ஏற்கப்பட்டதென்ற கடிதம் வரும்வரை பழைய கணக்கில் ஒரு மாதத் தொகையாவது இருக்கட்டும். அடையாள அட்டை எண்ணோடு பேநவ் அந்தக் கணக்கில் இணைந்திருந்தால் அதையும் வேறு கணக்குக்கு நகர்த்த வேண்டும், ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு மாதிரி அரசாங்கத் தொகைகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பல வங்கிகள் அதற்குள் மூடினால் 30 வெள்ளி பிடிக்கின்றன. அது பதினைந்து மாத ஃபால் பிலோ ஃபீ.